சரிவில் தத்தாத கால்கள்

பிளாட்ஃபார்மர் விளையாட்டு ஒன்றை முதன்முதலாக எழுதுகிறவர், சமதளத்தில் தன் கதாபாத்திரத்தை எளிதாக நடக்க வைத்துவிடுவார். குதிக்க வைப்பார், சுவரில் முட்டினால் நிற்கவும் வைப்பார். அதன்பின் நிலம் மேடும் பள்ளமுமாக இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு சரிவை வரைந்து வைப்பார். சிக்கல் அங்கே தொடங்கும். ஏறும்போது சரிவின் உச்சியில் கதாபாத்திரம் முட்டிக்கொண்டு நிற்கும். இறங்கும்போது தத்தித் தத்தி இறங்கும். நடுச்சரிவில் நிறுத்தினால் மெல்ல மெல்லக் கீழே நழுவும். குதிக்கும் பொத்தானை அழுத்தினால் ஒரு தரம் குதிக்கும், மறுதரம் அசையாமல் இருக்கும்.

இவை நான்கும் நான்கு வெவ்வேறு கோளாறுகள் போலத் தோன்றும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒட்டு போட்டால், ஒன்று சரியாகும்போது இன்னொன்று கிளம்பும். உண்மையில் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். தரையில் நடக்கிறவரைத் தரையோடு சேர்த்து வைக்கும் வேலையை ஈர்ப்பு விசையிடம் விட்டுவிடுகிறோம். அந்த வேலை ஈர்ப்புக்கு உரியது அல்ல. நடப்பது ஒரு நிலை, விழுவது வேறொரு நிலை. நடக்கும்போது கால் எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பதைத் தரை சொல்ல வேண்டும். விழும்போது மட்டும் ஈர்ப்பு சொல்லட்டும். இதைப் பிரித்துவிட்டால் மற்றவை ஒவ்வொன்றாகத் தீரும்.

டைல்களால் ஆன நிலம்

இந்த வகை விளையாட்டுகளில் நிலம் முழுவதும் ஒரே அளவுள்ள சிறு சதுரங்களால் ஆனது. இவற்றை டைல் என்பார்கள். 16 பிக்சல் அகலமும் 16 பிக்சல் உயரமும் உள்ள டைல் மிகவும் வழக்கமானது. ஒவ்வொரு டைலும் திடமா, வெறுமையா என்று மட்டும் குறித்துவைத்தால் போதும்; கதாபாத்திரம் எங்கே நிற்கலாம், எங்கே முட்டும் என்பதைக் கணினி நொடியில் சொல்லிவிடும். 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் இப்படித்தான் இருந்தது. அதில் சரிவே இல்லை. ஏற வேண்டிய இடங்களில் கல் அடுக்கியதுபோலப் படிகள் இருந்தன, மரியோ குதித்து ஏறினார். 1988இல் ஜப்பானில் வெளியான சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3இல் சரிவுகள் வந்தன. 1991இல் வந்த சோனிக் தி ஹெட்ஜ்ஹாக் மேடு, பள்ளம், வளையம் என நிலத்தையே வளைத்துவிட்டது. ஆனால் அதன் அடியிலும் இருந்தவை அதே 16 பிக்சல் சதுரங்கள்தான்.

சதுரங்களால் ஆன நிலத்தில் சாய்வான கோடு எப்படி வந்தது என்பதைப் பார்ப்பதற்கு முன், சரிவில் இறங்கும் கால் ஏன் தத்துகிறது என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

தத்தல் எப்படி உண்டாகிறது

விளையாட்டு நொடிக்கு 60 ஃபிரேம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கதாபாத்திரம் ஒரு ஃபிரேமுக்கு 2 பிக்சல் பக்கவாட்டில் நகர்கிறது. ஈர்ப்பு, விழும் வேகத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் 0.25 பிக்சல் கூட்டுகிறது. தரையில் பட்டால் விழும் வேகம் பூஜ்யமாகிவிடும். சமதளத்தில் இது அழகாக வேலை செய்யும். ஈர்ப்பு கொஞ்சம் கீழே இழுக்கும், தரை தடுக்கும், கதாபாத்திரம் தரையில் இருக்கும்.

இப்போது அது 45 பாகைச் சரிவில் இறங்குகிறது. முதல் ஃபிரேமில் 2 பிக்சல் முன்னே போகிறது. காலுக்குக் கீழே இருந்த தரையும் 2 பிக்சல் இறங்கிவிடுகிறது. ஈர்ப்போ கதாபாத்திரத்தை 0.25 பிக்சல்தான் இறக்கியிருக்கிறது. ஆக, கால் 1.75 பிக்சல் அந்தரத்தில் நிற்கிறது. நிரலைப் பொறுத்தவரை கதாபாத்திரம் இப்போது காற்றில் இருக்கிறது. இரண்டாம் ஃபிரேமில் இடைவெளி 3.25 பிக்சல், மூன்றாவதில் 4.5. ஏழாவது, எட்டாவது ஃபிரேம்களில் அது 7 பிக்சல் வரை வளர்கிறது. அதற்குள் விழும் வேகம் ஏறிவிடுவதால் இடைவெளி குறையத் தொடங்கி, 15ஆவது ஃபிரேமில் கால் தரையைத் தொடுகிறது. தொட்டதும் விழும் வேகம் மறுபடி பூஜ்யம். அடுத்த ஃபிரேமில் மறுபடி அந்தரம். 15 ஃபிரேம் என்றால் கால் நொடி. நொடிக்கு நான்கு தரம் கதாபாத்திரம் சரிவிலிருந்து கிளம்பிக் கிளம்பி விழுகிறது.

சரிவு மென்மையாக இருந்தால் கோளாறும் குறையும் என்று நினைக்கத் தோன்றும். இரண்டு பிக்சலுக்கு ஒரு பிக்சல் இறங்கும் சரிவை எடுத்துக்கொண்டு அதே கணக்கைப் போட்டால், இடைவெளி 1.5 பிக்சலுக்கு மேல் போவதில்லை. ஆனால் 7 ஃபிரேமுக்கு ஒரு முறை கால் தரையைத் தொட்டுவிடுகிறது. நொடிக்கு எட்டு முறைக்கு மேல். செங்குத்தான சரிவில் தத்தலாகத் தெரிந்தது, மென்சரிவில் நடுக்கமாகத் தெரிகிறது. காரணம் ஒன்றே.

குதிக்கும் பொத்தான் சில நேரம் வேலை செய்யாததற்கும் விடை இதிலேயே இருக்கிறது. குதிக்க வேண்டுமானால் கதாபாத்திரம் தரையில் இருக்க வேண்டும் என்பது விதி. மேலே பார்த்த 15 ஃபிரேம்களில் அது தரையில் இருப்பது ஒரே ஒரு ஃபிரேம். விளையாடுகிறவரின் விரல் அந்த ஒன்றில் பொத்தானை அழுத்தினால்தான் குதிக்கும். நடக்கும் படமும் விழும் படமும் மாறி மாறி மின்னுவதும் இதனால்தான்.

ஈர்ப்பைக் கூட்டினால் போகாதா என்று பலரும் முயல்வார்கள். தத்தல் சிறிதாகும், ஆனால் போகாது. கூடவே குதியும் கனத்துப்போகும். சரிவில் நடப்பதைச் சரிசெய்யப் போய் விளையாட்டின் குதியையே கெடுத்துக்கொண்டதாக முடியும்.

ஒரு டைலுக்குள் பதினாறு உயரங்கள்

சோனிக் கையாண்ட வழி எளிமையானது. ஒவ்வொரு வகை டைலுக்கும் 16 எண்கள் கொண்ட ஒரு பட்டியல். டைலை இடமிருந்து வலமாக 16 நெடுங்கோடுகளாகப் பிரித்தால், ஒவ்வொரு கோட்டிலும் நிலம் டைலின் அடியிலிருந்து எத்தனை பிக்சல் உயரம் இருக்கிறது என்பதை அந்த எண் சொல்லும். முழுத் திடமான டைலுக்குப் பதினாறும் 16. வலப்புறமாக ஏறும் 45 பாகைச் சரிவுக்கு 1, 2, 3 என்று தொடங்கி 16 வரை. மென்சரிவுக்கு இரண்டு டைல்கள் வேண்டும்: முதல் டைலில் 1, 1, 2, 2 என்று 8 வரை, அடுத்ததில் 9, 9, 10, 10 என்று 16 வரை. வளைந்த மேடு வேண்டுமானால் அதற்கேற்ற எண்கள். கோணமோ முக்கோணவியலோ இல்லாமல் எந்த வடிவத்தையும் இப்படி எழுதிவிடலாம்.

கதாபாத்திரத்தின் காலடியில் ஒரு புள்ளியை வைத்துக்கொள்கிறோம். அந்தப் புள்ளி டைலின் எந்த நெடுங்கோட்டில் இருக்கிறது என்று பார்த்தால், தரையின் உயரம் கையில் வந்துவிடும்:

```
col = floor(foot_x) mod 16
floor_y = tile_bottom - height[col]
```

திரையில் y எண் கீழ்நோக்கி வளரும் என்பதால்தான் கழித்தல். டைலின் அடிவிளிம்பு 160இல் இருந்து, அந்தக் கோட்டின் உயரம் 15 என்றால், தரை 145இல் இருக்கிறது.

இந்த முறையின் பெரிய நன்மை, இது கதாபாத்திரத்தை மேலும் கீழும் மட்டுமே நகர்த்துகிறது என்பது. நடுச்சரிவில் நிற்கும் கதாபாத்திரம் நழுவுவதற்குக் காரணம், சரிவு அதைத் தன் பரப்புக்குச் செங்குத்தான திசையில் வெளியே தள்ளுவது. 45 பாகைச் சரிவில் ஈர்ப்பு 0.25 பிக்சல் கீழே இறக்க, சரிவு அதைச் சாய்வாக வெளியே தள்ள, ஒவ்வொரு ஃபிரேமிலும் 0.125 பிக்சல் பக்கவாட்டு நகர்வு மிஞ்சும். ஒரு ஃபிரேமில் அது கண்ணுக்குத் தெரியாது. நொடிக்கு 60 ஃபிரேமில் 7.5 பிக்சல், இரண்டு நொடியில் ஏறத்தாழ ஒரு டைல் தூரம். பொத்தானைத் தொடாமலேயே கதாபாத்திரம் ஊர்வதன் கணக்கு இதுதான். உயரப் பட்டியலை வைத்து y எண்ணை மட்டும் திருத்தினால், பக்கவாட்டில் மிஞ்சுவதற்கு ஒன்றுமே இல்லை. நழுவல் தானாகவே நின்றுவிடும்.

சில விளையாட்டுகளில் நழுவல் வேண்டியதுதான். சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3இல் சரிவில் கீழ்ப்பொத்தானை அழுத்தினால் மரியோ உட்கார்ந்தபடி சறுக்கிப் போவார். அங்கே சறுக்கல் என்பது விளையாடுகிறவர் கேட்டு வருகிற ஒரு தனி நிலை. வேண்டிய சறுக்கலை இப்படி விதியாக எழுத வேண்டும். கணக்கின் மிச்சமாக விடக்கூடாது.

தரையோடு ஒட்டவைப்பது

இப்போது தத்தலுக்கு வருவோம். முதலில் கதாபாத்திரத்தைப் பக்கவாட்டில் நகர்த்துகிறோம். பிறகு புதிய இடத்தில் காலுக்கு நேரே தரை எங்கே இருக்கிறது என்று தேடுகிறோம். போன ஃபிரேமில் அது தரையில் இருந்தது, இப்போது மேல்நோக்கிப் போகவில்லை, தரையும் எட்டும் தூரத்தில் இருக்கிறது என்றால், காலை நேராகத் தரையில் வைத்துவிடுகிறோம். ஈர்ப்பைக் கேட்பதே இல்லை.

```
gap = floor_y - foot_y
if was_on_floor and vy >= 0 and abs(gap) <= abs(vx) + 4:
    foot_y = floor_y
    vy = 0
    on_floor = true
```

இந்த நிபந்தனைகளில் ஒன்று விட்டுப்போனாலும் அது திரையில் தெரிந்துவிடும். `was_on_floor` இல்லாவிட்டால், குதித்து இறங்கும் கதாபாத்திரம் தரையை நெருங்கியதும் காந்தம் இழுத்ததுபோலச் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். `vy >= 0` இல்லாவிட்டால் குதியே தொடங்காது. கதாபாத்திரம் மேலே எழும்பிய முதல் ஃபிரேமிலேயே மறுபடி தரையில் ஒட்டப்பட்டுவிடும்.

எட்டும் தூரம் எவ்வளவு என்பதுதான் யோசித்து முடிவுசெய்ய வேண்டிய இடம். 45 பாகைச் சரிவில் எவ்வளவு முன்னே போகிறோமோ அவ்வளவு கீழே போகிறோம். ஆகவே வரம்பு, பக்கவாட்டு வேகத்தைவிடக் குறைவாக இருக்கவே கூடாது. 2 பிக்சல் என்று நிலையாக வைத்துவிட்டால், நடக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். ஓடும்போது தத்தல் திரும்பி வரும். நடந்தால் சரி, ஓடினால் தத்துகிறது என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். வரம்பைத் தாராளமாக 20 பிக்சல் வைத்தால் வேறொரு கோளாறு: ஒரு டைல் உயரமுள்ள மேடையின் விளிம்பைத் தாண்டியதும், விழாமல் ஒரே ஃபிரேமில் கீழ்த்தளத்தில் போய் நிற்கும்.

சோனிக்கின் முதல் விளையாட்டில் இந்த வரம்பு 14 பிக்சல் என்று நிலையாக இருந்தது. இரண்டாவது விளையாட்டிலிருந்து, வேகத்தோடு 4 கூட்டி, 14ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டார்கள். மேலே தந்த நிரல் வரியில் உள்ள 4 அதே வழக்கத்தைத் தழுவியதுதான். எந்த இறக்கம் படி, எந்த இறக்கம் பள்ளம் என்பதை உங்கள் விளையாட்டில் தீர்மானிப்பது இந்த எண்.

டைல் மாறும் இடம்

உயரப் பட்டியலை முதன்முதலாக எழுதுகிறவர்கள் இடறி விழுவது ஒரு டைலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் எல்லையில்தான். ஒரு கட்டத்தை எண்களோடு பார்ப்போம்.

அடுத்தடுத்து இரண்டு 45 பாகைச் சரிவு டைல்கள். முதலாவது, x 32 முதல் 47 வரை, y 144 முதல் 159 வரை உள்ள இடத்தில். இரண்டாவது அதற்கு வலப்புறம், ஒரு வரிசை மேலே: x 48 முதல் 63, y 128 முதல் 143. இரண்டாவது சரிவுக்குக் கீழே முழுத்திட டைல் ஒன்று இருக்கிறது. கதாபாத்திரத்தின் கால் x 46இல், முதல் டைலின் 14ஆம் கோட்டில். (கோடுகளை 0 முதல் எண்ணுகிறோம்.) அதன் உயரம் 15, ஆகவே கால் y 145இல். இப்போது வலப்புறம் 3 பிக்சல் நகர்கிறது. கால் x 49க்கு வந்துவிட்டது.

145 என்ற உயரத்தில், x 49இல் இருக்கும் டைல் எது? சரிவு அல்ல; அதற்கு அடியில் இருக்கும் திட டைல். அதன் உயரம் 16, ஆகவே தரை 144 என்று கணக்கு சொல்லும். இது தவறு. உண்மையான தரை அதற்கு மேலே இருக்கும் சரிவில் இருக்கிறது. 144ஐ நம்பினால் கதாபாத்திரம் சரிவில் ஏறாமல் அதற்குள்ளேயே நுழைந்து நடக்கும்.

அதனால் ஒரு விதி: கிடைத்த உயரம் 16 என்றால், அதாவது டைல் அந்தக் கோட்டில் முழுவதும் நிரம்பியிருந்தால், அதற்கு மேலே உள்ள டைலையும் பார். மேலே உள்ள சரிவில் x 49 என்பது 1ஆம் கோடு, உயரம் 2. அதன் அடிவிளிம்பு 144. ஆகவே தரை 142. கால் 145இலிருந்து 142க்கு, சரியாக 3 பிக்சல் ஏறுகிறது. 3 பிக்சல் முன்னே, 3 பிக்சல் மேலே. 45 பாகைச் சரிவில் இருக்க வேண்டியதும் அதுதான்.

இறங்கும்போது இதன் மறுபக்கம். காலிருக்கும் இடத்தில் டைல் வெறுமையாக, உயரம் 0 என்று வந்தால், கீழே உள்ள டைலைப் பார். இதை விட்டுவிட்டால், ஒவ்வொரு டைல் எல்லையிலும் தரை இல்லை என்று நிரல் முடிவுசெய்து, கதாபாத்திரத்தை ஒரு கணம் விழவிடும். சரிவின் நடுவில் நன்றாக நடந்து, 16 பிக்சலுக்கு ஒருமுறை மட்டும் குலுங்கினால், கோளாறு இங்கேதான் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

எந்தப் புள்ளியை நம்புவது

கதாபாத்திரம் ஒரு புள்ளி அல்லவே. அதற்கு அகலம் உண்டு. சமதள மேடையின் விளிம்பில் நிற்கும்போது பெட்டியின் இரண்டு கீழ்மூலைகளையும் பார்ப்பது வழக்கம். ஒரு மூலை தரையில் இருந்தாலும் நிற்கலாம். ஆனால் சரிவில் மூலைகளை நம்பினால், மேட்டுப்பக்க மூலை சரிவைத் தொட்டதும் உடல் நின்றுவிடும்; நடுக்கால் அந்தரத்தில் மிதக்கும்.

நடைமுறையில் நன்றாக வேலை செய்யும் ஏற்பாடு இது. சரிவுகளை உடலின் நடுப்புள்ளி மட்டுமே பார்க்கட்டும். நடுப்புள்ளி சரிவு டைலில் இருக்கும்வரை மூலைகள் சொல்வதைக் கேட்க வேண்டாம். நடுப்புள்ளி சமதளத்தில் இருக்கும்போதும், மேடை விளிம்பைத் தாண்டிவிட்டபோதும் மூலைகள் பேசட்டும்; ஆனால் அவை திட டைல்களை மட்டும் எண்ணட்டும், சரிவுகளை அல்ல. உடலின் ஒரு மூலை சரிவுக்குள் சில பிக்சல் புதைந்திருக்கும். கண்ணுக்கு அது உறுத்தாது. காலூன்றி நிற்பதாகவே தெரியும்.

ஏறும்போது உச்சியில் முட்டிக்கொள்வதற்கும் காரணம் இந்த அகலம்தான். நடுக்கால் இன்னும் சரிவில் இருக்கும்போதே, உடலின் முன்விளிம்பு அடுத்த திட டைலை எட்டிவிடுகிறது. அந்த டைலின் மேல்விளிம்பு காலைவிட உயரத்தில் இருப்பதால், நிரல் அதைச் சுவர் என்று எடுத்துக்கொள்கிறது. இதற்கு மருந்து, சுவரைப் பார்க்கும் புள்ளியைக் காலளவிலிருந்து உயர்த்துவது. உடலின் அரை அகலம் 6 பிக்சல் என்றால், 45 பாகைச் சரிவில் முன்விளிம்புக்கு நேரே உள்ள நிலம் காலைவிட 6 பிக்சல் வரை உயர்ந்திருக்கலாம். ஆகவே சுவர்ப்புள்ளி அதற்கு மேல் இருக்க வேண்டும். சோனிக்கில் சுவர் பார்க்கும் புள்ளிகள் உடலின் நடு உயரத்தில் இருக்கின்றன. சமதளத்தில் நிற்கும்போது மட்டும் 8 பிக்சல் கீழே இறங்கும். தாழ்ந்த தடைகளைச் சமதளத்தில் தவறவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு.

படிக்கட்டு

சரிவுக்குச் செய்ததையே படிக்கட்டுக்கும் செய்யலாமா? 4 பிக்சல் உயரப் படிகளை உயரப் பட்டியலில் எழுதினால் 4, 4, 4, 4, 8, 8, 8, 8 என்று போகும். நிரல் குறையின்றி வேலை செய்யும். ஆனால் ஃபிரேமுக்கு 2 பிக்சல் நடக்கும் கதாபாத்திரம் இரண்டு ஃபிரேமுக்கு ஒரு முறை 4 பிக்சல் தூக்கிப் போடப்படும். கணக்கு சரி, காட்சி சகிக்காது.

சிறு படிகளுக்கு நல்ல வழி, படமாகப் படிக்கட்டை வரைந்து, நிலமாக 1 முதல் 16 வரையான வழுவழுப்பான சரிவை வைப்பது. 4 பிக்சல் படியில் கால் வரைந்த படிக்குள் அதிகபட்சம் 3 பிக்சல்தான் அமுங்கும். படியில் ஏறும் கால்களைத் தனியாக வரைந்துவிட்டால் அதுவும் தெரியாது.

படிகள் 8 பிக்சல்போலப் பெரிதாக இருந்தால் கால் அமுங்குவது தெரிந்துவிடும். அப்போது படியைப் படியாகவே வைத்து, உடலின் இடத்தையும் படம் வரையும் இடத்தையும் பிரிக்க வேண்டும். மோதலைக் கணக்கிடும் உடல் உடனே படிமேல் ஏறிவிடட்டும். வரையப்படும் படம் ஃபிரேமுக்கு 2 பிக்சல் வீதம் நான்கு ஃபிரேமில் அதை எட்டிப்பிடிக்கட்டும். இந்தத் தாமதம் தரையில் இருக்கும்போது மட்டும்தான் இருக்க வேண்டும். குதித்த கணத்தில் அதை அழித்துவிட வேண்டும். இல்லையென்றால் குதி மந்தமாகத் தெரியும். 8 பிக்சல் படி, வேகத்தோடு 4 கூட்டிய வரம்புக்குள் எல்லா வேகத்திலும் வந்துவிடாது என்பதையும் கவனிக்க வேண்டும். மெதுவாக நடந்தாலும் ஏற வேண்டுமானால், வரம்பின் கீழெல்லையை 8 என்று வைக்க வேண்டியிருக்கும்.

1986இல் வந்த காசில்வேனியா மூன்றாவது வழியைத் தேர்ந்தது. அங்கே படிக்கட்டு ஒரு தனி நிலை. மேல்பொத்தானை அழுத்தினால்தான் ஏறத் தொடங்கும். படியில் இருக்கும்வரை குதிக்க முடியாது. நடுக்கத்துக்கு இடமே இல்லை. அதற்கு விலையாக, படியில் நிற்கும்போது எதிரி வந்தால் விளையாடுகிறவர் தவித்துப்போவார்.

கடைசி ஒரு பிக்சல்

எல்லாம் சரிசெய்த பிறகும், மெதுவாக நடக்கும்போது மட்டும் ஒரு மெல்லிய அதிர்வு மிஞ்சுவதுண்டு. இது மோதல் கணக்கில் இல்லை. பின்னங்களை முழு எண்ணாக்கும் இடத்தில் இருக்கிறது.

தரையின் உயரத்தைப் பட்டியலிலிருந்து எடுக்காமல், சரிவின் சமன்பாட்டிலிருந்து பின்னத்தோடு கணக்கிடுகிறோம் என்று கொள்வோம். 45 பாகைச் சரிவில் ஃபிரேமுக்கு அரை பிக்சல் ஏறுகிறது. x 10, y 90. அடுத்து x 10.5, y 89.5, அடுத்து x 11, y 89. திரையில் வரையப் பின்னத்தை வெட்டினால் கிடைப்பவை: (10, 90), (10, 89), (11, 89), (11, 88). ஒரு ஃபிரேமில் மேலே மட்டும் நகர்கிறது, அடுத்ததில் பக்கவாட்டில் மட்டும். இந்த மாற்றாட்டம்தான் அதிர்வாகத் தெரிகிறது. முதலில் x எண்ணின் பின்னத்தை வெட்டி, அந்த முழு எண்ணை வைத்து உயரத்தை எடுத்தால், இரண்டும் ஒரே ஃபிரேமில் மாறும். மேலே தந்த முதல் நிரல் வரியில் `floor` இருப்பது இதற்காகவே. கேமராவையும் கதாபாத்திரத்தையும் தனித்தனியாக முழு எண்ணாக்கினாலும் இதே அதிர்வு வரும். இரண்டுக்கும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும்.

எஞ்சின் பயன்படுத்துகிறவர்களுக்கு

கோடோ 4போன்ற எஞ்சினில் எழுதுகிறவர்கள் இதையெல்லாம் கையால் எழுத வேண்டியதில்லை. `CharacterBody2D` என்ற பகுதியில் இதே கருத்துகள் அமைப்புகளாக இருக்கின்றன. `floor_snap_length` என்பது ஒட்டும் தூரம். அதன் தொடக்க மதிப்பு 1 பிக்சல்தான்; நொடிக்கு 180 பிக்சல் ஓடும் கதாபாத்திரம் ஃபிரேமுக்கு 3 பிக்சல் போகும் என்பதால், இறங்கும்போது தத்தினால் முதலில் கூட்ட வேண்டியது இதை. `floor_stop_on_slope` நின்ற இடத்தில் நழுவாமல் பிடிக்கும். `floor_max_angle` எவ்வளவு செங்குத்தான சரிவு வரை தரை என்பதைச் சொல்லும். தொடக்கத்தில் அது 45 பாகை. `floor_constant_speed` ஏறினாலும் இறங்கினாலும் சரிவின் வழியே ஒரே வேகத்தைக் காக்கும்.

இந்தக் கடைசி அமைப்பு உயரப் பட்டியல் முறையின் ஒரு குறையையும் காட்டித் தருகிறது. பக்கவாட்டில் 3 பிக்சல் போகிறவர் 45 பாகைச் சரிவின் வழியே 4.2 பிக்சல் போகிறார். கண்ணுக்கு வேகம் கூடியதாகத் தெரியும். உறுத்தினால், சரிவில் இருக்கும்போது பக்கவாட்டு வேகத்தை 0.7ஆல் பெருக்கலாம். சோனிக் ஒவ்வொரு டைலுக்கும் கோணத்தையும் சேமித்துவைத்து, தரையோடு செல்லும் ஒரே வேகத்தை அந்தக் கோணத்தின்படி பக்கவாட்டாகவும் மேல்கீழாகவும் பிரித்தது. வளையத்துக்குள் ஓட அது தேவை. மேடும் மடுவும் மட்டும் உள்ள விளையாட்டுக்கு அவ்வளவு வேண்டியதில்லை. 2018இல் வந்த செலஸ்ட் விளையாட்டில் சரிவுகளே இல்லை. அதன் துல்லியமான குதிகளுக்குச் சதுரங்களே போதுமாக இருந்தன.

சரிவு வேண்டும் என்று முடிவுசெய்துவிட்டால், மட்டங்களை வரையத் தொடங்கும் முன் ஒரு சோதனை நிலத்தை அமைத்துக்கொள்வது நல்லது. 45 பாகைச் சரிவு ஒன்று, மென்சரிவு ஒன்று, இரண்டும் சேரும் மேடு, இரண்டும் சேரும் பள்ளம், சரிவு முடியும் இடத்தில் ஒரு சுவர், பக்கத்தில் ஒரு டைல் உயர மேடை. தரையில் இருக்கும் ஃபிரேமில் கதாபாத்திரம் பச்சையாகவும், காற்றில் இருக்கும் ஃபிரேமில் சிவப்பாகவும் தெரியும்படி வைத்து, மெதுவாகவும் முழு வேகத்திலும் நடந்து பாருங்கள். கண் தவறவிடும் ஒற்றை ஃபிரேம் கோளாறையும் நிறம் காட்டிக்கொடுக்கும். சரிவில் ஒரு முறைகூடச் சிவப்பு மின்னக் கூடாது. மேடை விளிம்பைத் தாண்டியதும் தவறாமல் சிவப்பாக வேண்டும். இரண்டும் ஒரே ஒட்டும் வரம்பில் நிறைவேறினால் அந்த எண்ணைத் தொடாமல் மேலே போகலாம். நிறைவேறாவிட்டால், உங்கள் கதாபாத்திரத்தின் உச்ச வேகமும் சரிவின் செங்குத்தும் அந்த டைல் அளவுக்குப் பொருந்தவில்லை என்று பொருள். அப்போது மாற்ற வேண்டியது நிரலை அல்ல, வேகத்தையோ சரிவையோதான்.